சி-ஸ்டேட்டை அணைத்தேன், ஸ்டட்டர் குறைந்தது. காரணம் பயாஸ்தானா?

#1 இரவுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். ரைசன் 7 5800எக்ஸ், 32 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருக்கிறேன். ஒரு திறந்த உலக ஆட்டம் ஆடுகிறேன். சராசரி 120 எஃப்பிஎஸ் வருகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குதிரையை விரட்டிக்கொண்டு புது இடத்துக்குள் நுழையும்போது படம் ஒரு நொடி இழுத்துப் பிடித்தது மாதிரி நின்று போகிறது. `CapFrameX` வைத்துப் பதிவு செய்து பார்த்தேன். பத்து நிமிட ஓட்டத்தில் 40 மில்லிசெகண்டுக்கு மேல் ஏழு துள்ளல்.

ஒரு வீடியோவில் பயாஸில் மூன்றை மாற்றச் சொன்னார்கள். `Global C-state Control` அணை, `DF Cstates` அணை, ஈகோ மோட் இருந்தால் அதையும் அணை என்று. என் போர்டில் ஈகோ மோட் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. மற்ற இரண்டையும் அணைத்துவிட்டு அதே பத்து நிமிடம் ஓட்டினேன். ஏழு துள்ளல் இரண்டாகக் குறைந்தது. கிராஃபைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது.

இப்போது இரண்டு கவலை. சும்மா இருக்கும்போது 38 டிகிரி இருந்த சிபியு 50 காட்டுகிறது. இன்னொரு பழைய ஆட்டத்தில் எஃப்பிஎஸ் கொஞ்சம் குறைந்த மாதிரியும் தெரிகிறது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம். இப்படியே விட்டுவிடலாமா?

#2 சுட்டிவீரன்

ப்ரோ, யோசிக்கவே யோசிக்காதீங்க, அப்படியே விடுங்க. புது போர்டு வாங்கினா நான் பண்ற முதல் வேலையே இதுதான். கோர் தூங்குது, அதை எழுப்ப நேரம் ஆகுது, அந்த நேரம்தான் ஸ்டட்டர். இதுல என்ன ரகசியம் இருக்கு? `LatencyMon` ஓட்டிப் பாருங்க. எனக்கு சி-ஸ்டேட் இருந்தப்போ சிவப்பு, அணைச்சதும் பச்சை. அந்த மென்பொருளே ரிப்போர்ட்ல பயாஸ்ல பவர் சேவிங்கை அணைன்னுதான் சொல்லுது. 12 டிகிரி கூடினா கூடட்டும், கூலர் எதுக்கு வாங்கி வச்சிருக்கோம்?

#3 கடிகாரத்தச்சன்

கோர் தூங்குகிறது, எழுப்ப நேரம் ஆகிறது, இந்த இரண்டும் சரி. அந்த நேரம்தான் இரவுப்பறவை பார்க்கும் துள்ளல் என்பதுதான் இடிக்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் கதை மாறிவிடும்.

லினக்ஸ் கெர்னலுக்குள் இன்டெல் சில்லுகளுக்கான அட்டவணை ஒன்று இருக்கிறது. ஸ்கைலேக் தலைமுறைக்கு அதில் உள்ள எண்கள்: சி1 நிலையிலிருந்து எழ 2 மைக்ரோசெகண்ட், சி6 நிலையிலிருந்து 85, சி8 நிலையிலிருந்து 200. ரைசனில் எண்கள் வேறு, ஆனால் பேச்சு மைக்ரோசெகண்டில்தான்.

இதை 40 மில்லிசெகண்ட் துள்ளலுக்குப் பக்கத்தில் வையுங்கள். 40 மில்லிசெகண்ட் என்பது 40,000 மைக்ரோசெகண்ட். சி8 அளவு ஆழ்ந்த தூக்கம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே பிரேமுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக 200 முறை தூங்கி எழுந்தால்தான் அந்த நேரம் சேரும். அதற்குத் தூங்கவும் அல்லவா நேரம் வேண்டும்! அதே அட்டவணையில், சி8-க்குள் போவதென்றால் குறைந்தது 800 மைக்ரோசெகண்டாவது அங்கே இருந்தால்தான் லாபம் என்றும் குறித்திருக்கிறார்கள். சீக்கிரம் வேலை வரும் என்று இயங்குதளம் கணித்தால் அவ்வளவு ஆழத்துக்கு அனுப்பவே அனுப்பாது.

பத்து சின்னத் தூக்கம் சேர்ந்து பிரேமுக்கு அரை மில்லிசெகண்ட் கூடுவது நடக்கக்கூடியதுதான். அப்படி நடந்தால் எல்லா பிரேமும் கொஞ்சம் கொஞ்சம் நீளும், கோடு மொத்தமாக மேலே ஏறும். நடுவில் ஏழு இடத்தில் மட்டும் ஊசி மாதிரி கிளம்பாது.

`DF Cstates` பற்றி ஒரு வரி. சில்லுக்குள் கோர்களையும் மெமரியையும் இணைக்கும் பகுதி தூங்குவதற்கான அனுமதி அது. எல்லா கோரும் ஓய்ந்த பிறகுதான் அதற்கு வேலையே வரும். ஆட்டம் ஓடும்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

#4 பழையசேஸிஸ்

நண்பர்களே, இந்த விஷயத்தில் எனக்கும் நேரடி அனுபவம் உண்டு. முதல் தலைமுறை ரைசன் ஒன்று வைத்திருந்தேன். ஆட்டம் நாள் முழுக்க ஓடும், ஒன்றும் ஆகாது. ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்து போய் அரை மணி கழித்துத் திரும்பினால் திரை உறைந்து கிடக்கும். மவுஸ் நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் விடிவு. மூன்று மாதம் ரேமை மாற்றினேன், விண்டோஸை மாற்றினேன். கடைசியில் பயாஸில் `Power Supply Idle Control` என்று ஒன்றை `Typical Current Idle` என்று வைத்தேன். அன்றோடு நின்றது. ஆகவே பவர் சேவிங் வம்புதான் என்பது என் கட்சி.

#5 கடிகாரத்தச்சன்

ஐயா, உங்கள் நோய் உண்மையானது, மருந்தும் சரியானது. ஆனால் இது வேறு நோய். உங்களுடையது ஓய்வில் மின்னோட்டம் மிகக் குறைந்ததால் வந்த உறைதல். ஆட்டம் ஓடும்போது ஒன்றும் ஆகாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவுப்பறவைக்கு நேர் எதிர்: ஆட்டத்தில்தான் வருகிறது, ஓய்வில் வருவதில்லை. ஆட்டத்தில் மட்டும் வரும் தொல்லைக்குத் தூக்கத்தை முதல் குற்றவாளியாக நிறுத்த மாட்டேன்.

#6 இரவுப்பறவை

கணக்கு புரிகிறது சார். ஆனால் என் கிராஃப்? ஏழு இரண்டாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேனே. கணக்கு சொல்வதை நம்புவதா, கண்ணால் பார்த்ததையா?

#7 கடிகாரத்தச்சன்

கண்ணை நம்புங்கள். எந்த வரிசையில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து நம்புங்கள். முதல் பதிவு சி-ஸ்டேட் இருந்தபோது, இரண்டாவது அணைத்த பிறகு, அப்படித்தானே? முதல் பதிவுக்கு முன்னால் அந்தப் பாதையில் எத்தனை முறை போயிருந்தீர்கள்? கிராபிக்ஸ் டிரைவரை அண்மையில் புதுப்பித்தீர்களா?

#8 இரவுப்பறவை

அந்தப் பாதையில் அதுதான் முதல் முறை. டிரைவர் முந்தைய நாள் இரவு போட்டேன்... ஓ.

#9 கடிகாரத்தச்சன்

அந்த "ஓ"வில் பாதி பதில் இருக்கிறது.

புது டிரைவர் வந்தால், பழைய டிரைவருக்காகத் தொகுத்து வைத்த ஷேடர்கள் பெரும்பாலும் செல்லாமல் போகும். ஒரு மரம், ஒரு புகை, ஒரு நீர்ப்பரப்பு முதல் தடவை திரைக்கு வரும்போது அதற்கான ஷேடரை அங்கேயே தொகுக்க வேண்டியிருந்தால் பிரேம் காத்து நிற்கும். 40, 60, சில நேரம் 100 மில்லிசெகண்டுக்கு மேலும் போகும். உங்கள் துள்ளலின் அளவுக்கு இது பொருந்துகிறது. இரண்டாவது முறை அதே வழியில் போனால் ஷேடர் வட்டில் தயாராக இருக்கும், துள்ளல் இருக்காது. இடையில் பயாஸில் நீங்கள் எதை மாற்றியிருந்தாலும், ஒன்றுமே மாற்றாமல் வெறுமனே ரீஸ்டார்ட் செய்திருந்தாலும், இரண்டாவது ஓட்டம் மென்மையாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் சோதனையை இப்படிச் செய்யுங்கள். பாதையை ஒரு முறை ஓட்டி அந்தப் பதிவைத் தூக்கி எறியுங்கள். அதன் பிறகு இருத்தல், அணைத்தல், இருத்தல், அணைத்தல் என்று மாற்றி மாற்றி நான்கு ஓட்டம். ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குள் போவது சலிப்பாக இருந்தால் விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor IDLEDISABLE 1
powercfg /setactive scheme_current
```

கடைசியில் 1-க்குப் பதில் 0 போட்டு இரண்டு வரியையும் மறுபடி ஓட்டினால் பழைய நிலை. ரீஸ்டார்ட் வேண்டாம், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். 1 போட்டதும் டாஸ்க் மேனேஜர் சிபியு 100 சதவீதம் என்று காட்டும், பதற வேண்டாம். தூங்க வழியில்லாமல் எல்லா கோரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். சோதனை முடிந்ததும் 0 போட மறக்காதீர்கள்.

#10 முனையக்காரன்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கடிகாரத்தச்சன் சொன்ன வரிசை சரி, கருவியில் ஓட்டை இருக்கிறது. `IDLEDISABLE` செய்வதும் பயாஸில் `Global C-state Control` அணைப்பதும் ஒன்றல்ல. பயாஸில் அணைத்தால் ஆழ்ந்த தூக்கம் மட்டும்தான் போகும். கோர் வேலையில்லாதபோது சி1 நிலையில் கண்ணயரலாம். `IDLEDISABLE` அந்தக் கண்ணயர்வையும் பிடுங்கிவிடுகிறது. ஒவ்வொரு கோரும் வெற்றுச் சுழற்சியில் ஓடும். ஒரே கோரை இரண்டு த்ரெட் பகிரும் சில்லில், பக்கத்து த்ரெட்டில் ஆட்டம் வேலை செய்யும்போது இந்த வெற்றுச் சுழற்சி அதன் பங்கைக் கொஞ்சம் தின்னும். சூடும் ஏறும். ஆக "1 போட்டால் மோசமாயிற்று" என்று வந்தால், அதை வைத்து பயாஸ் மாற்றத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

நான் லினக்ஸில் ஆடுகிறேன். இங்கே ஒவ்வொரு தூக்க நிலையையும் தனித்தனியாக நிறுத்தலாம், எத்தனை முறை கோர் அதற்குள் போனது என்றும் எண்ணலாம். என் ரைசனில் ஆழ்ந்த நிலை `state2`:

```
grep . /sys/devices/system/cpu/cpu*/cpuidle/state2/usage
echo 1 | sudo tee /sys/devices/system/cpu/cpu*/cpuidle/state2/disable
```

முதல் வரியை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஓட்டிக் கழித்துப் பார்த்தேன். கனமான ஆட்டத்தில், அதன் முக்கிய த்ரெட்டை ஒரு கோரில் கட்டிப்போட்டிருந்தபோது, அந்தக் கோர் ஒரு நிமிடத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போனது பதினொரே முறை. 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டிய ஒரு பழைய இருபரிமாண ஆட்டத்தில் அதே கோர் நான்காயிரத்தைத் தாண்டியது. பிரேமுக்கு ஒரு முறையாவது தூங்கி எழுகிறது என்று அர்த்தம்.

இது முக்கியமான வேறுபாடு என்று நினைக்கிறேன். சிபியுவுக்கு வேலை கனக்கும் ஆட்டத்தில் தூக்கம் இல்லை, அணைத்து என்ன பயன்? வேலை குறைந்த, பூட்டிய ஆட்டத்தில் தூக்கம் உண்டு. அங்கேதான் கேள்வி உயிரோடு இருக்கிறது.

#11 கடிகாரத்தச்சன்

ஏற்றுக்கொள்கிறேன், கருவி முரட்டுத்தனமானதுதான். இரவுப்பறவை, பயாஸிலேயே இரண்டு ப்ரொஃபைலாகச் சேமித்து மாற்றுங்கள். மற்ற எல்லாம், குறிப்பாக `XMP`, இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரேம் மெதுவாக ஓடினால் மொத்தச் சோதனையும் பாழ்.

#12 மழைக்காகிதம்

தலைப்பில் இல்லாவிட்டாலும் முதல் பதிவில் ஈகோ மோட் என்று இருப்பதால் கேட்கிறேன். என் லேப்டாப்பில் ஈகோ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் ஆட்டம் 90 எஃப்பிஎஸ்ஸிலிருந்து 40-க்குப் போய்விடுகிறது. நீங்கள் எல்லோரும் மைக்ரோசெகண்ட் என்கிறீர்கள், எனக்குப் பாதிக்கு மேல் போகிறதே? இதுவும் சி-ஸ்டேட்தானா?

#13 பதினாறுகோர்

இல்லை சகோதரி, பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. சி-ஸ்டேட் என்பது வேலை இல்லாதபோது கோர் என்ன செய்யும் என்பது. ஈகோ மோட் என்பது வேலை இருக்கும்போது எத்தனை வாட் வரை குடிக்கலாம் என்ற உச்சவரம்பு. உங்கள் லேப்டாப் பட்டன் வரம்பை மிகவும் கீழே இறக்குகிறது, பெரும்பாலும் கிராபிக்ஸ் சில்லையும் சேர்த்தே இறுக்கும். அதனால்தான் பாதி போகிறது. அந்தப் பட்டனை ஆட்டத்துக்கு அழுத்தவே கூடாது.

டெஸ்க்டாப்பில் கதை வேறு. நான் ரைசன் 9 7950எக்ஸை ஒரு வருடமாக ஈகோ மோடில்தான் ஓட்டுகிறேன். இது 170 வாட் சில்லு, சாக்கெட்டுக்கு உண்மையில் 230 வாட் வரை இழுக்கும். ஈகோவில் 105 என்று வைத்தால் அந்த வரம்பு 142 ஆகிறது, 65 என்று வைத்தால் 88. நான் 105-இல் வைத்திருக்கிறேன். நான் ஆடும் ஆட்டங்களில் சிபியு 100 வாட்டைத் தொட்டதே அபூர்வம். தொடாத கூரை தலையில் இடிக்காது. பிரேம் டைம் கோடு இரண்டிலும் ஒன்றேதான், விசிறிச் சத்தம் மட்டும் குறைந்தது.

வித்தியாசம் தெரிந்த ஒரே இடம், ஆட்டம் தொடங்கும்போது ஷேடர்களைத் தொகுக்கும் அந்த நீளமான திரை. அப்போது பதினாறு கோரும் முழுவேகத்தில் ஓடும், வரம்பு முட்டும். 65-இல் வைத்துப் பார்த்தபோது அந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரிந்த அளவு நீண்டது. உங்களுக்கு முட்டுகிறதா என்று ஊகிக்க வேண்டாம். `HWiNFO`வில் `CPU PPT Limit` என்ற வரியை ஆட்டத்தின்போது பாருங்கள். அது 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஈகோ உங்களைப் பிடித்திழுக்கிறது. 60, 70 என்று அலைந்தால் ஈகோவுக்கும் உங்கள் ஸ்டட்டருக்கும் சம்பந்தம் இல்லை.

#14 மழைக்காகிதம்

நன்றி அண்ணா. ஆக என் பட்டன் பிரச்சினை வேறு இழைக்கு உரியது. ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

#15 சுட்டிவீரன்

எல்லாம் சரி, `LatencyMon` சிவப்பைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலையே? அது பொய் சொல்லுதா?

#16 கடிகாரத்தச்சன்

பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதை எப்போது ஓட்டினீர்கள்? டெஸ்க்டாப்பில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எல்லா கோரும் உறங்கிக் கிடக்கும், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் எழ வேண்டியிருக்கும், அந்த எழும் நேரம் எண்ணில் ஏறும். ஆட்டம் ஓடும்போது கோர்கள் ஏற்கெனவே விழித்திருக்கின்றன.

அந்த மென்பொருள் பிறந்தது ஒலிக்காரர்களுக்காக. 64 மாதிரி பஃபரில் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நேரலையாக ஓட்டுகிறவருக்கு மொத்த அவகாசமே 1.33 மில்லிசெகண்ட். அதில் 0.2 போவது பெரிய விஷயம், தவறினால் காதில் டப்பென்று கேட்கும். அவர்களுக்கு சி-ஸ்டேட்டை அணை என்பது நியாயமான அறிவுரை. அந்த அறிவுரைதான் சூழல் கழன்று ஆட்டக்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

#17 இரவுப்பறவை

சோதனை முடிந்தது. இரண்டு மாலை போயே போச்சு. முதல் ஓட்டத்தை எறிந்துவிட்டேன். அதன் பிறகு சி-ஸ்டேட் இருந்தபோது, அணைத்தபோது, இருந்தபோது, அணைத்தபோது என்ற வரிசையில் 40 மில்லிசெகண்டைத் தாண்டிய துள்ளல்கள்: 2, 2, 2, 3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்த ஏழு, டிரைவர் போட்ட மறுநாளின் ஏழு.

இன்னொன்று கவனித்தேன். சி-ஸ்டேட் இருக்கும்போது சிபியு அவ்வப்போது 4.85 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. அணைத்தால் 4.65-ஐத் தாண்டவே இல்லை. பழைய ஆட்டத்தில் எஃப்பிஎஸ் குறைந்தது கற்பனை இல்லை, 232-லிருந்து 224. பவர் சேவிங்கை அணைத்தால் வேகம் எப்படிக் குறையும்? தலைகீழாக இருக்கிறதே.

#18 கடிகாரத்தச்சன்

இதுதான் அந்த வீடியோக்கள் சொல்லாத பக்கம். உச்ச பூஸ்ட் என்பது மற்ற கோர்கள் விட்டுக்கொடுப்பதால் கிடைப்பது. பக்கத்துக் கோர்கள் ஆழ்ந்து தூங்கினால் அவற்றின் மின்சாரமும் சூடும் மிச்சம், அந்த மிச்சத்தில் ஒரு கோர் உயரப் பறக்கும். எல்லோரையும் விழித்திருக்கச் சொன்னால் யாருக்கும் அந்த உச்சம் கிடைக்காது.

இன்டெல்லில் இது விதியாகவே இருக்கிறது. 2018-இல் வந்த 9900கேயை எடுங்கள். இன்டெல் வகுத்தபடி இரண்டு கோர் வரை இயங்கினால் 5.0 கிகாஹெர்ட்ஸ், எட்டும் இயங்கினால் 4.7. இயங்குகிறது என்று எதைக் கணக்கில் எடுக்கிறது? ஆழ்ந்து தூங்காத எல்லாவற்றையும். சி1-இல் கண்ணயர்ந்த கோரும் அதன் கணக்கில் விழித்த கோர்தான். ஆக ஆழ்ந்த நிலைகளை அணைத்தால் எட்டும் இயங்குவதாகவே எண்ணப்படும், 5.0 என்ற படி மேசையிலிருந்தே போய்விடும். போர்டு தானாகவே எல்லா கோரையும் 5.0-க்குத் தூக்கியிருந்தால் இந்த இழப்பு தெரியாது. கையால் எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டி ஓவர்கிளாக் செய்தவர்கள் "அணைத்தேன், எதுவும் இழக்கவில்லை" என்று சத்தியம் செய்வது இதனால்தான். அவர்கள் சொல்வது அவர்கள் கணினிக்கு உண்மை.

உங்கள் பழைய ஆட்டம் ஒன்றிரண்டு த்ரெட்டையே நம்பியிருக்கும். 4.85, 4.65 ஆனால் நான்கு சதவீதம் போகிறது. 232, 224 ஆனது மூன்றரை. கணக்கு ஒத்துப்போகிறது.

மீதி இரண்டு துள்ளல் ஒவ்வொரு ஓட்டத்திலும் எங்கே வருகின்றன?

#19 இரவுப்பறவை

ஒன்று எப்போதும் ஆற்றுப் பாலத்தைக் கடந்த உடனே. இன்னொன்று ஊர் வாசலில். மூன்று வந்த ஓட்டத்தில் அந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

#20 முனையக்காரன்

பாலம் எங்கே இருக்கிறது என்று எந்த சி-ஸ்டேட்டுக்கும் தெரியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஆட்டம் அங்கே அடுத்த பகுதியை ஏற்றுகிறது. அதற்கு பயாஸில் மருந்து இல்லை.

#21 பழையசேஸிஸ்

2022-இல் ஏஎம்டி ஒரு ஸ்டட்டரை ஒப்புக்கொண்டதே, எஃப்டிபிஎம் என்று? அதுவாக இருக்குமோ?

#22 கடிகாரத்தச்சன்

நல்ல நினைவு ஐயா. அந்த ஆண்டு மார்ச்சில் ஒப்புக்கொண்டார்கள், திருத்திய பயாஸ் மே மாதத்திலிருந்து வந்தது. ஆனால் அது வந்தால் படம் மட்டுமல்ல, கணினி மொத்தமும் தடுமாறும், ஒலியும் சேர்ந்து இழுபடும். இடமும் பார்க்காது, டெஸ்க்டாப்பில் இருந்தாலும் வரும். இரவுப்பறவை, சத்தம் உடைகிறதா?

#23 இரவுப்பறவை

இல்லை. பாட்டு சீராக ஓடுகிறது, படம் மட்டும் நிற்கிறது. சி-ஸ்டேட்டை `Auto`வுக்கே திருப்பிவிட்டேன், 38 டிகிரி திரும்பி வந்தது. பாலத்தை மெதுவாகக் கடக்கப் பழகிக்கொள்கிறேன்.

#24 சுட்டிவீரன்

சரி, கனமான ஆட்டத்துல நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். பூஸ்ட் போற விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா முனையக்காரன் சொன்ன அந்த இன்னொரு கேஸ்தான் என் கேஸ். நான் அதிகம் ஆடுறது எமுலேட்டர்ல, 60-ல பூட்டின பக்கவாட்டு ஓட்ட ஆட்டங்கள். அணைச்சா ஸ்க்ரோல் வழவழன்னு இருக்கு. இது ஷேடரும் இல்ல, பாலமும் இல்ல. இதுக்கு என்ன சொல்றீங்க?

#25 முனையக்காரன்

இதில் உங்களோடு பாதி வழி வருகிறேன். 60-இல் பூட்டிய ஆட்டத்தில் சிபியு மூன்று மில்லிசெகண்டில் வேலையை முடித்துவிட்டு மீதி பதின்மூன்றைத் தூங்கிக் கழிக்கிறது. ஆழ்ந்து தூங்க நேரம் தாராளம். எழுந்திருப்பது ஒரு தடவை சீக்கிரம், ஒரு தடவை தாமதம். நான் `state2`ஐ நிறுத்தி அளந்தபோது 16.67-லிருந்து விலகல் உண்மையிலேயே சுருங்கியது. முன்பு மோசமான நூற்றில் ஒரு பிரேம் 0.3 மில்லிசெகண்ட் வரை விலகியது, நிறுத்திய பிறகு 0.1. இவ்வளவுதான் மொத்தக் கொள்ளை.

சிக்கல் என்னவென்றால், மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் வி-சின்க் போட்டு ஓடினால் அந்த 0.3 திரைக்கே வருவதில்லை. பிரேம் எப்போது தயாரானாலும் அடுத்த ரிஃப்ரெஷுக்குத்தான் காட்டப்படும். விஆர்ஆர் மானிட்டரில் திரைக்கு வரும். ஆனால் 16.67-இல் 0.3 கண்ணுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல நான் யார்?

#26 கடிகாரத்தச்சன்

சொல்ல வேண்டியவர் அவரேதான், கண்ணைக் கட்டிக்கொண்டு. சுட்டிவீரன், நண்பர் ஒருவரை விசைப்பலகையில் உட்கார வையுங்கள். நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் 1, தலை விழுந்தால் 0 என்று அந்த `powercfg` வரிகளை அவர் ஓட்டட்டும். நீங்கள் திரும்பி வந்து ஒரு நிமிடம் ஆடிவிட்டு எது என்று சொல்லுங்கள். கருவி முரட்டுத்தனமானது என்று முன்பு ஒப்புக்கொண்டேன், இந்தக் கேள்விக்கு அது போதும்.

#27 சுட்டிவீரன்

பண்ணிட்டேன். தம்பியை உட்கார வச்சேன். முதல் நாலு தடவையும் கரெக்டா சொல்லிட்டேன், தலைகால் புரியல. அப்புறம்தான் தம்பி சொன்னான், "அண்ணே, 1 போட்டா ஃபேன் கத்துது, நீ அதை வச்சுச் சொல்ற" என்று. நாலையும் கழிச்சுட்டு, ஹெட்போன்ல சத்தமா பாட்டு வச்சுக்கிட்டு மறுபடி பத்து தடவை. ஆறு சரி, நாலு தப்பு. ஆறு பெரும்பான்மைதானே?

#28 கடிகாரத்தச்சன்

நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பத்தில் ஆறோ அதற்கு மேலோ வர மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. இருபது தடவை செய்து பதினைந்து வந்தால் நானே உங்கள் கட்சிக்கு வருகிறேன். மானிட்டரில் விஆர்ஆர் போட்டிருக்கிறீர்களா, இல்லையா?

#29 சுட்டிவீரன்

விஆர்ஆர் அணைஞ்சிருக்கு, வி-சின்க்தான் போட்டிருக்கேன். ஐயோ, அப்போ 0.3 திரைக்கே வந்திருக்காதா? விஆர்ஆர் போட்டுட்டு மறுபடி இருபது. தம்பி இனிமே உட்கார மாட்டேன்றான், வேற ஆளைத் தேடணும்.